உப்புவெளி விறாந்தை: கோளப் படத்தின் அடியிலிருந்து முக்காலியை எடுத்த கதை

பின்னணி

திருகோணமலை உப்புவெளியில் கடலைப் பார்த்தபடி ஒரு சிறிய விடுதி இருக்கிறது. பழைய வீட்டைத் திருத்தி நடத்துகிறார்கள். அறைகளுக்கு முன்னால் நீளமான விறாந்தை, அதன் தரை பளபளப்பாகத் தேய்த்த சிவப்புச் சீமெந்து. ஓர் அடிச் சதுரங்களாகக் கோடு கீறியிருக்கிறது. விறாந்தையிலிருந்து ஒரு படி இறங்கினால் மணல் முற்றம், அதற்கப்பால் கடல்.

விடுதியை நடத்தும் அக்கா, விறாந்தையில் நின்று சுற்றிலும் பார்ப்பதுபோல ஒரு முழுக் கோளப் படம் வேண்டும் என்று இளம் படப்பிடிப்பாளர் ஒருவரிடம் கேட்டிருந்தார். அவர் ஒவ்வொரு திசைக்கும் படம் எடுத்தார், அவற்றை ஒரே கோளமாக இணைத்தார், அனுப்பினார். படத்தின் அடியில் முக்காலி நின்ற இடத்தை விடுதியின் பெயர் போட்ட ஒரு கறுப்பு வட்டத்தால் மூடியிருந்தார். பலரும் செய்வதுதான். ஆனால் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "தம்பி, கீழ பார்த்தா எங்கட தரையே இல்ல. அது அப்பா போட்ட தரை" என்றார்.

அந்தக் கட்டத்தில்தான் படங்கள் என்னிடம் வந்தன. இணைப்பு வேலையை நானும், களவேலையை அந்தத் தம்பியும் செய்தோம்.

அடியில் எவ்வளவு மறைகிறது

கமராவுக்கு நேர் கீழே உள்ள புள்ளியை எங்கள் தொழிலில் நாடிர் என்போம். முக்காலி நிற்கும்வரை அந்த இடத்தை எந்தப் படமும் பார்க்காது. எவ்வளவு பரப்பு மறைகிறது என்பதை முதலிலேயே கணக்கிட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் மற்ற எல்லாத் தீர்மானமும் அந்த வட்டத்தைப் பொறுத்தது.

இங்கே லென்ஸ் தரையிலிருந்து 1.5 மீற்றர் உயரத்தில் இருந்தது. முக்காலியின் கால்கள் நடுப்புள்ளியிலிருந்து 50 சென்றிமீற்றர் தள்ளி ஊன்றியிருந்தன. 50-ஐ 150-ஆல் வகுத்து அதன் கோணத்தைப் பார்த்தால் 18 பாகைக்குச் சற்று மேல். கோளத்தைத் தட்டையாக விரித்த இறுதிப் படம் 8000க்கு 4000 பிக்சல், அதாவது ஒரு பாகைக்கு ஏறக்குறைய 22 பிக்சல். ஆகவே படத்தின் அடியில் சுமார் 400 வரிசைகள் முக்காலியுடையவை. தரையில் அது ஒரு மீற்றர் விட்டமுள்ள வட்டம். கமராவைத் தாங்கும் பனோரமா தலை சிறியதுதான், ஆனால் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் அதுவும் அந்த வட்டத்தில் பெரும்பகுதியைத் தானே மறைத்துவிடும். கால்களை ஒடுக்கினால் மட்டும் வட்டம் சுருங்கிவிடாது என்பது இதனால்தான்.

முதல் படங்களில் கண்டது

தம்பி மிக அகன்ற கோணத்தைப் பிடிக்கும் 8 மில்லிமீற்றர் ஃபிஷ்ஐ லென்ஸால் சுற்றிவர 6 படமும் மேலே 1 படமும் எடுத்திருந்தார். பிறகு முக்காலியைத் தூக்கிவிட்டு, கையில் கமராவைப் பிடித்தபடி கீழ்நோக்கி ஒரு நாடிர் படமும் எடுத்திருந்தார். அந்தப் படம் பொருந்தாததால்தான் கறுப்பு வட்டம் போட வேண்டியதாயிற்று. ஏன் பொருந்தவில்லை என்று பார்த்தபோது இரண்டு காரணங்கள் தெரிந்தன.

ஒன்று, முக்காலி நின்ற இடம். கடலும் அறை வாசலும் சேர்ந்து நன்றாகத் தெரிய வேண்டும் என்று விறாந்தையின் விளிம்பிலேயே வைத்திருந்தார். இரண்டு கால் சீமெந்தில், மூன்றாவது கால் நீட்டப்பட்டு 15 சென்றிமீற்றர் கீழே முற்றத்து மணலில். நடுப்புள்ளியிலிருந்து விளிம்பு ஒரு சாண் தூரம்தான். ஆக மறைந்த வட்டத்துக்குள் இரண்டு தளங்கள் இருந்தன: மேலே சீமெந்து, கீழே மணலும் அதில் பதித்த ஒரு படிக்கல்லும்.

மற்றது, நேரம். காலை 8 மணியளவில் எடுத்திருந்தார். கிழக்குக் கரையில் அந்த நேரத்தில் வெயில் கடலிலிருந்து நேரே விறாந்தைக்குள் வரும். சூரியன் 30 பாகை உயரத்தில் இருந்தால் 1.5 மீற்றர் உயரமான முக்காலியின் நிழல் 2.6 மீற்றர் நீளும். வட்டம் தரையில் அரை மீற்றரோடு முடிந்துவிடுகிறது, நிழலோ அதைத் தாண்டி அறைக் கதவுவரை ஓடுகிறது. படப்பிடிப்பாளரின் நிழலும் இருந்தது. ஆனால் அது ஒவ்வொரு படத்துக்கும் அவரோடு இடம் மாறியதால், மாஸ்க் போட்டு, அதாவது வேண்டாத பகுதியை மூடி, பக்கத்துப் படத்தின் சுத்தமான பகுதியை எடுத்து அதை நீக்க முடிந்தது. முக்காலியின் நிழல் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நின்றது. அதன் அடியில் உள்ள வெயில் பட்ட தரையை எந்தப் படமும் காட்டவில்லை.

மீட்க முயன்றோம்

திரும்பப் போய் எடுப்பது செலவு. அதனால் இருப்பதை வைத்து முடியுமா என்று முதலில் பார்த்தோம்.

கையில் பிடித்த கமரா ஒருபோதும் முக்காலியில் இருந்த அதே புள்ளியில் நிற்காது. இணைப்பு மென்பொருள்கள் இதற்கு ஒரு வழி தருகின்றன. PTGui-யின் Pro பதிப்பில் Optimizer பக்கத்தில் Viewpoint என்றொரு தெரிவு உண்டு. Hugin-இல் படத்தின் X, Y, Z இடப்பெயர்ச்சியைத் திருத்தலாம். இரண்டும் செய்வது ஒன்றுதான்: வேறிடத்திலிருந்து எடுத்த படத்தை, முக்காலி நின்ற இடத்திலிருந்து எடுத்ததுபோல மாற்றிப் போடுகின்றன. இந்த மாற்றம் சரியாக வர, படத்தில் உள்ளவை எல்லாம் ஒரே தட்டையான தளத்தில் கிடக்க வேண்டும். அந்தத் தளத்துக்கு மேலேயோ கீழேயோ உள்ளது எதுவும் இடம் பிசகும்.

எவ்வளவு பிசகும் என்பதையும் கணக்கிடலாம். கமரா பக்கவாட்டில் நகர்ந்த தூரத்தைத் தளங்களுக்கு இடையிலான ஆழத்தால் பெருக்கி, கமராவிலிருந்து கீழ்த்தளம்வரை உள்ள உயரத்தால் வகுக்க வேண்டும். தம்பி முற்றத்தில் நின்று எடுத்ததால் கமரா கடல்பக்கம் ஏறக்குறைய 30 சென்றிமீற்றர் நகர்ந்திருந்தது. 30-ஐ 15-ஆல் பெருக்கி 165-ஆல் வகுத்தால் 2.7 சென்றிமீற்றர். அது ஒரு பாகைக்குச் சற்று மேல், படத்தில் 23 பிக்சல். சீமெந்துக் கோடுகள் அழகாகப் பொருந்தி நின்றபோதே, கீழே படிக்கல்லின் ஓரம் அந்தளவுக்கு முறிந்து தெரிந்தது.

அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. முக்காலியில் கமரா விளிம்புக்கு உள்பக்கம் நின்றது. அங்கிருந்து பார்த்தால் படியின் நிமிர்ந்த முகம் தெரியவே தெரியாது. கையில் எடுத்த படத்திலோ கமரா விளிம்பைத் தாண்டி வெளியே வந்துவிட்டதால், அந்த முகம் ஒரு கருமையான பட்டையாகத் தெரிந்தது. மூல இடத்திலிருந்து தெரிய முடியாத ஒரு பொருள் நாடிர் படத்தில் தெரிந்தால், எந்தத் திருத்தமும் அதைச் சரியாக்காது. கமரா எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்பதை அறிய இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது. ஆகவே படங்களைத் திறந்ததும் முதலில் இதைத்தான் தேடுவேன்.

அப்புறம் இன்னொரு வழியும் பார்த்தோம். இரண்டு படத்திலும் ஒரே இடமென்று குறிக்கும் புள்ளிகளை வைத்துத்தான் மென்பொருள் படங்களைப் பொருத்தும். ஒரே நாடிர் படத்தை இரண்டு தடவை உள்ளே எடுத்து, ஒன்றைச் சீமெந்துப் புள்ளிகளால் மட்டும், மற்றதைக் கீழ்த்தளப் புள்ளிகளால் மட்டும் பொருத்தி, விளிம்பில் மாஸ்க்கால் பிரிப்பது. கொள்கையில் இது சரியான வழி. ஆனால் முக்காலியைத் தூக்கியபோதும் நடந்தபோதும் மணல் கலைந்துவிட்டது. இரண்டு படத்திலும் மாறாமல் இருந்தது படிக்கல் மட்டுமே. புள்ளிகள் எல்லாம் அந்த ஒரு மூலையில் குவிந்ததால், மறுபக்க மணல் கதவுபோல ஆடியது. நிழல் பிரச்சினை இருந்தபடியே இருந்தது.

தீர்மானம்

திரும்பவும் எடுப்பது என்று முடிவுசெய்தோம். முக்காலியின் நிழலைத் தூரிகையால் அழிக்கலாம் என்று தம்பி சொன்னார். முடியும்தான். ஆனால் தேய்த்த சிவப்புச் சீமெந்தில் பல வருடக் கால்தடம் போட்ட நிறவேறுபாடு இருக்கிறது, 2 மீற்றருக்குமேல் அதை வரைந்தால் அது அந்தத் தரையாக இராது. அக்கா கேட்டதே அந்தத் தரையைத்தான்.

இரண்டு மாற்றங்களை வகுத்துக்கொண்டோம். முக்காலியை ஏறக்குறைய ஒரு மீற்றர் உள்ளே நகர்த்துவது, அப்போது விளிம்பு மறைந்த வட்டத்துக்கு நன்றாக வெளியே போய்விடும், வட்டம் முழுவதும் சீமெந்தாகிவிடும். இதனால் கூரைத் தாழ்வாரம் வானத்தைச் சற்று அதிகமாக வெட்டும். அக்காவிடம் காட்டினோம், சம்மதித்தார். மற்றது, பிற்பகல் 4 மணிக்கு எடுப்பது. அந்நேரம் வெயில் வீட்டின் பின்னால் மேற்கிலிருந்து வருவதால் விறாந்தை முழுவதும் நிழல், முக்காலிக்கென்று தனி நிழல் விழாது. கடலும் வெயில் பட்டு நிறமாக இருக்கும். விறாந்தையின் இருளுக்கும் கடலின் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சமாளிக்க, ஒவ்வொரு திசைக்கும் இரண்டிரண்டு ஸ்டொப் இடைவெளியில், அதாவது நான்கு நான்கு மடங்கு வித்தியாசத்தில், மூன்று வெளிச்ச அளவுகள்.

கச்சான் வீசும் காலம்தான் அது. ஆனால் காற்றும் மேற்கிலிருந்தே வருவதால் வீடு மறைத்தது. முக்காலியை ஆடாமல் நிறுத்த முடிந்தது.

களத்தில்

ஃபோக்கஸ், வெண்சமநிலை, வெளிச்சம் எல்லாவற்றையும் கையால் பூட்டிவிட்டுச் சுற்றுப் படங்களை எடுத்தார். கமராவின் தலையிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது தொட்ட இடத்தில் சோக்கால் ஒரு சிறு புள்ளி வைத்தோம். நாடிர் படத்தில் கமரா எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம்.

நாடிர் படத்தில் இன்னொரு ஆள் வருவார்: படம் எடுப்பவர். கமராவைக் கைநீட்டிப் பிடித்தால் அவருடைய பாதங்கள் நடுப்புள்ளியிலிருந்து அரை மீற்றருக்குள் வந்துவிடும், அதாவது நாம் நிரப்ப வேண்டிய வட்டத்தின் ஓரத்தில். அதனால் கமராவை ஒற்றைக்கால் தண்டின் நுனியில் கீழ்நோக்கிப் பூட்டி, தண்டைத் தோளுயரத்தில் கிடையாக நீட்டிப் பிடித்தார். பாதங்கள் ஒரு மீற்றர் தள்ளி நின்றன. நான் பக்கத்தில் குந்தியிருந்து, லென்ஸ் சோக்குப் புள்ளிக்கு மேலே வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். உயரம் சில சென்றிமீற்றர் கூடிக் குறைந்தால் பரவாயில்லை, அது அளவுமாற்றம் மட்டுமே. பக்கவாட்டு விலகலைத்தான் குறைக்க வேண்டும்.

முதல் சோதனைப் படத்தில் வெளிறிய ஒரு தடம் தெரிந்தது. தேய்த்த தரையில் தம்பியின் வெள்ளைச் சேர்ட் பிரதிபலித்தது. பிரதிபலிப்பு தரைத்தளத்தில் கிடப்பதில்லை, கண்ணாடியில்போலத் தரைக்குக் கீழே இருப்பதாக நடந்துகொள்ளும். ஆகவே தளத் திருத்தம் அதைச் சேர்த்து இழுத்துத் திரித்துவிடும். துருவமுனை வடிகட்டி போடலாமா என்று கேட்டார். செங்குத்திலிருந்து ஏறக்குறைய 55 பாகை சாய்வாகப் பார்க்கும்போதுதான் அது பிரதிபலிப்பை வெட்டும், நேர் கீழே பார்க்கும்போது பயனில்லை. அக்காவின் மகனுடைய கறுப்புச் சேர்ட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். விறாந்தையின் கூரைப்பக்கம் இருட்டாக இருந்ததும் உதவியது.

நாடிர் படத்தை இரண்டு பக்கமிருந்தும் எடுத்தோம், வீட்டுப்பக்கம் நின்று ஒருமுறை, கடற்பக்கம் நின்று ஒருமுறை. திரையில் பார்த்தபோதே வித்தியாசம் தெரிந்தது. நிழலான விறாந்தைக்கு வெளிச்சம் முழுக்கக் கடற்பக்கத்து வானத்திலிருந்துதான் வருகிறது. கடற்பக்கம் நின்றபோது உடம்பு அந்த வெளிச்சத்தை மறித்து, தரையில் மென்மையான கருமை ஒன்று படிந்தது. ஓரமில்லாத கருமை என்பதால் களத்தில் அது நிழலென்றே தோன்றாது, இணைத்த பிறகுதான் நடுவில் ஒரு கறையாக எழும். வீட்டுப்பக்கம் நின்ற படத்தையே எடுத்துக்கொண்டோம்.

இணைப்பு

சுற்றுப் படங்களை மட்டும் முதலில் இணைத்து உறுதிப்படுத்தினோம். அதன் பின்னர்தான் நாடிர் படத்தைச் சேர்த்து, அதற்கு மட்டும் Viewpoint தெரிவைப் போட்டோம். எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்தவிட்டால், நாடிர் படத்தின் பிழை சுற்றுப் படங்களையும் இழுத்துக்கொண்டு போகும்.

கட்டுப்பாட்டுப் புள்ளிகளை, அதாவது படங்களைப் பொருத்தும் அந்தப் புள்ளிகளை, மென்பொருள் தானாகத் தேடியபோது ஒரு சிக்கல் வந்தது. ஒரே மாதிரியான சதுரங்கள் நிறைந்த தரையில் ஒரு சந்திக்கும் அடுத்த சந்திக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. சில புள்ளிகளை ஒரு சதுரம் தள்ளிப் பொருத்திவிட்டது. இப்படிப் பொருந்தினால் கோடுகள் எல்லாம் நேராகவே ஓடும், பிழையளவும் சிறிதாக இருக்கும், ஆனால் தரை ஒரு அடி நகர்ந்திருக்கும். விறாந்தைத் தரையில் மெல்லிய வெடிப்பு ஒன்று குறுக்காகப் போகிறது. அது ஓரத்தில் அறுந்து வேறிடத்தில் தொடங்கியதைக் கண்டுதான் பிடித்தோம். தானாக வந்த புள்ளிகளை அழித்துவிட்டு, கோடுகள் சந்திக்கும் மூலைகளில் கையால் வைத்தோம். இந்தத் திருத்தத்துக்குக் கொள்கையளவில் 4 புள்ளி போதும். நாங்கள் வட்டத்தின் நான்கு பக்கமும் பரவும்படி 12 வைத்தோம், வெடிப்பின் மேல் எதையும் வைக்கவில்லை. அதைச் சோதனைக்காக விட்டுவைத்தோம். திருத்திய பின் வெடிப்பு அறுபடாமல் ஓடியது.

அடுத்தது மாஸ்க். சுற்றுப் படங்களில் முக்காலியையும் பனோரமா தலையையும் சிவப்பால் பூசி விலக்கினோம். நாடிர் படத்தில் தம்பியின் பாதங்களை விலக்கி, நடுவிலுள்ள நான்குக்கு நான்கு சதுரங்களை மட்டும் வைத்துக்கொண்டோம். மாஸ்க்கை வட்டமாக வெட்டாமல் கீறிய கோடுகளின் வழியே வெட்டினேன். இரண்டு படத்தின் நிறம் இம்மியளவு மாறினாலும் கோட்டில் அது ஒளிந்துகொள்ளும், சதுரத்தின் நடுவே வெட்டினால் கண்ணில் படும்.

கடைசியாகச் சோக்குப் புள்ளியை அழிப்பது. இதைத் தட்டையான 2:1 படத்தில் நேரடியாகச் செய்ய முடியாது. அங்கே நாடிர் என்ற ஒரே புள்ளி அடிவரிசையின் 8000 பிக்சலுக்கும் இழுபட்டிருக்கிறது, தூரிகை வைத்தால் நட்சத்திரம்போலப் பிதுங்கும். கோளத்தை ஆறு முகமுள்ள கனசதுரமாகப் பிரித்து, அடிமுகத்தை மட்டும் GIMP என்ற படத்திருத்த மென்பொருளில் திறந்தோம். அதில் தரை மேலிருந்து பார்த்தபடி சாதாரணமாக, கோடுகள் நேராகக் கிடக்கும். குளோன் கருவியால் புள்ளியை எடுத்துவிட்டு முகத்தைத் திரும்பச் சேர்த்தோம். முகத்தின் ஓரங்களைத் தொடக்கூடாது, தொட்டால் பக்கமுகங்களோடு சேரும் இடத்தில் வெட்டுத் தெரியும்.

விளைவு

அக்காவின் கைத்தொலைபேசியில் படத்தைத் திறந்து கொடுத்தோம். கடலைப் பார்க்கவில்லை, விரலால் மேலே தள்ளி நேரே கீழேதான் பார்த்தார். வெடிப்பைக் காட்டி, அது எந்த வருட மழையில் வந்தது என்று சொன்னார். கறுப்பு வட்டத்தோடு இருந்த படத்தை விடுதியின் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஒரு குறை மிச்சமிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால், நிரப்பிய சதுரங்களில் தரையின் பளபளப்பு சுற்றியுள்ளதைவிட ஒரு துளி மங்கலாக இருக்கும். வேறு கோணத்திலிருந்து பார்த்த பளபளப்பு அது, அதை மாற்ற வழியில்லை.

அதே நாளில் முற்றத்து மணலிலும் ஒரு கோளப் படம் எடுத்தோம். அங்கே வேலை விரைவாக முடிந்தது. மணலுக்குக் கோடு இல்லை, சில பிக்சல் பிசகை யாரும் காணமாட்டார்கள். கால்தடம் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த தடவை மாற்றுபவை

முக்காலியை வைக்குமுன் தரையில் அரை மீற்றர் ஆரத்துக்கு ஒரு கயிறைச் சுழற்றிப் பார்ப்போம். படி, வடிகால், பாய் விளிம்பு, பூச்சட்டி எதுவும் அதற்குள் வந்தால் இடத்தை மாற்றுவோம். மாற்றவே முடியாத இடமென்றால், கீழ்த்தளத்தில் நான்கு பக்கமும் சிறு கற்களை முதலிலேயே வைத்து, இரண்டாவது தளத்துக்கும் அசையாத புள்ளிகளைத் தயார்செய்வோம். கற்களைப் பிறகு அடிமுகத்தில் அழித்துக்கொள்ளலாம்.

சோக்குக்குப் பதில் ஒட்டித் தூக்கக்கூடிய சிறு காகிதத்தை வைப்போம். நாடிர் படம் எடுத்த பின் அதை அகற்றிவிட்டு, ஒற்றைக்காலை அசைக்காமல் இன்னொரு படம் எடுத்தால் அழிக்க வேண்டியதே வராது. தண்டைப் பிடிக்கவும் காகிதத்தை எடுக்கவும் இருவர் வேண்டும், அதனால் தனியாகப் போவதில்லை. கறுப்புச் சேர்ட்டைத் தம்பி இப்போது கமராப் பையிலேயே வைத்திருக்கிறார்.